இன்வென்டரி அனலிஸ்ட் நேர்காணல்: சிஸ்டத்தில் 4,600, ரேக்கில் 3,850 என்றால் என்ன பதில் சொல்வது?

வல்லம்_வாசி

வணக்கம். ஒரகடம் பக்கம் ஓர் ஆட்டோ உதிரிபாக ஆலையில் நான்கு வருடமாக ஸ்டோர்ஸில் இருக்கிறேன். சரக்கு இறக்குவது, வந்த சரக்குக்கு ஜிஆர்என் என்ற வரவுப் பதிவு போடுவது, லைனுக்கு இஷ்யூ செய்வது, மாதா மாதம் எண்ணுவது எல்லாம் கைப்பழக்கம். இப்போது இன்னொரு நிறுவனத்தில் இன்வென்டரி அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். போனில் முதல் சுற்று முடிந்தது. வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போனில் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். முதலாவது: "ஓர் ஆயில் சீல். சிஸ்டத்தில் 4,600. ரேக்கில் எண்ணினால் 3,850. என்ன செய்வீர்கள்?" மறுபடி எண்ணுவேன், அப்போதும் குறைந்தால் மேலாளரிடம் ஒப்புதல் வாங்கி அட்ஜஸ்ட்மென்ட் போடுவேன் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

இரண்டாவது: "அதே சீல் ஒரு நாளைக்குச் சராசரியாக 200 ஓடுகிறது. சப்ளையர் தர 6 வேலை நாள் ஆகும், சில சமயம் தாமதமாகும். எவ்வளவு இருப்புக்கு வந்ததும் ஆர்டர் போடுவீர்கள்?" 1,200, அதற்கு மேல் கொஞ்சம் சேஃப்டி என்றேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை.

நேரில் போகும்போது இவற்றையே இன்னும் ஆழமாகக் கேட்பார்கள் என்று தோன்றுகிறது. நல்ல பதில் எப்படி இருக்க வேண்டும்?

கணக்குப்புலி

முதல் கேள்விக்கு நீங்கள் சொன்னதே சரிதான். கூடவே மொத்த மதிப்பில் எத்தனை சதவீதம் என்று சொல்லியிருக்கலாம். 750 குறைவு, ஒரு சீல் 18 ரூபாய் என்று வைத்தால் 13,500 ரூபாய். கோடிக்கணக்கில் இருப்பு வைத்திருக்கும் ஆலையில் இது ஒன்றுமே இல்லை. இன்னொரு பொருள் எங்காவது கூடுதலாக இருக்கும், மொத்தத்தில் நிகர வித்தியாசம் சுழியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். நிர்வாகம் பார்ப்பது அந்த நிகர எண்ணைத்தான்.

இரண்டாவதற்கு நேரடி சூத்திரம் இருக்கிறது. லீட் டைம் என்பது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வர ஆகும் நாட்கள். அதிகபட்ச தினசரி ஓட்டத்தை அதிகபட்ச லீட் டைமால் பெருக்கி, சராசரி ஓட்டத்தைச் சராசரி லீட் டைமால் பெருக்கி வந்ததைக் கழியுங்கள். அதுதான் சேஃப்டி ஸ்டாக். ஒரு தடவை எவ்வளவு ஆர்டர் செய்தால் மொத்தச் செலவு குறையும் என்பதற்கு ஈஓக்யூ சூத்திரம். அவ்வளவுதான்.

இருப்பேடு

பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கடந்த ஆறேழு வருடமாக நேர்காணலில் கேள்வி கேட்கும் பக்கமும் உட்காருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வல்லம்_வாசி, அந்த "சரி"க்கு என்ன பொருள் என்று சொல்கிறேன். ஸ்டோர்ஸ் ஆளாக நீங்கள் சொன்ன பதிலில் குறை இல்லை. அனலிஸ்டிடம் எதிர்பார்ப்பது வேறு. 750 என்ற ஒரு எண்ணை அவர் முன்னால் வைத்தால், அதை அவர் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். அட்ஜஸ்ட்மென்ட் என்பது கடைசியில், காரணம் கிடைக்காத பாக்கிக்கு மட்டும் போடுவது.

எங்கள் ஆலையில் நான் பார்த்த ஒரு கேஸை உங்கள் எண்ணிக்கையிலேயே பொருத்திச் சொல்கிறேன்.

முதலில் நேரத்தைக் கேளுங்கள். சிஸ்டம் இருப்பை எத்தனை மணிக்கு நிறுத்தி எடுத்தார்கள், எத்தனை மணிக்கு எண்ணினார்கள், அதற்கு நடுவில் என்ன நகர்ந்தது? எங்கள் கேஸில் காலை 8:00 மணிக்கு இருப்பு எடுத்தாகிவிட்டது. 9:30-க்கு லைன் ஆள் வந்து 200 சீல் கொண்டுபோனார். 10:40-க்கு எண்ணினார்கள். அந்த 200-க்கான இஷ்யூவை 11:15-க்குத்தான் சிஸ்டத்தில் பதிந்தார்கள். ஆக 750-இல் 200 வெறும் நேர வித்தியாசம்.

அடுத்தது இடம். லைன் பக்கத்து ரேக்கில் 150 சீல் இருந்தது. மெயின் ஸ்டோர்ஸிலிருந்து யாரோ எடுத்துவைத்திருக்கிறார்கள், இடமாற்றப் பதிவு போடவில்லை. பொருள் தொலையவில்லை, வேறு இடத்தில் இருக்கிறது. இதற்கு இடமாற்றப் பதிவு போட்டால் போதும்.

மிச்சம் 400. இங்கேதான் நல்ல அனலிஸ்ட் யார் என்று தெரியும். கடைசியாக எண்ணிச் சரியாக இருந்த தேதி எது என்று பாருங்கள். அன்றைக்கு முந்தைய பதிவுகளைத் தொடவே வேண்டாம், ஏனென்றால் தவறு அதற்குப் பிறகுதான் நடந்திருக்க முடியும். எங்களுக்கு அது 45 நாள் முன்பு. சாப் மென்பொருளில் சரக்கு நகர்வுகளைக் காட்டும் MB51 பட்டியலில் அந்த 45 நாள் நகர்வுகளை மட்டும் எடுத்தோம். அதில் 8 பெட்டி, 2,000 எண்ணம் என்று ஒரு ஜிஆர்என். 400-ஐ 8-ஆல் வகுத்தால் 50. பெட்டிக்கு 50 குறைகிறது என்றால் அது திருட்டு மாதிரி இல்லை, பேக்கிங் மாறியது மாதிரி இருக்கிறது. போய்ப் பெட்டி லேபிளைப் பார்த்தோம். சப்ளையர் 250-லிருந்து 200-க்கு மாறிவிட்டார். சலானில் 1,600 என்று சரியாகவே எழுதியிருந்தார். பதிந்தவர் பழைய பழக்கத்தில் 8-ஐ 250-ஆல் பெருக்கிவிட்டார்.

கணக்குப் பிரிவில் ஏன் யாரும் பிடிக்கவில்லை? பில் 1,600-க்கு வந்தது, ஜிஆர்என் 2,000-க்கு இருந்தது. வந்த சரக்கை விட பில் அதிகமாக இருந்தால்தான் அங்கே நிற்கும். குறைவாக இருந்தால் பில் பாஸ் ஆகிவிடும், 400 மட்டும் பில் வராத சரக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும். வரவுக்கும் பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் MB5S பட்டியலில் பார்த்தால் அந்த 400 அப்படியே நின்றது. அதுதான் எங்களுக்குச் சாட்சி.

இப்போது 200 + 150 + 400 = 750. எழுதித் தள்ள வேண்டியது ஒன்றுகூட இல்லை. இஷ்யூ ஏற்கனவே பதிவாகிவிட்டது, இடமாற்றம் பதிய வேண்டும், ஜிஆர்என்னில் 400-ஐத் திருப்ப வேண்டும்.

அவசரப்பட்டு 750-ஐயும் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நேர்காணலில் சொல்லுங்கள். சிஸ்டம் 3,850 ஆகும். பிறகு அந்த 200 இஷ்யூ பதிவானதும் 3,650. ரேக்கில் 3,850 இருக்கிறது. அடுத்த மாதம் எண்ணும்போது 200 கூடுதல் என்று வரும், அதற்கும் ஓர் அட்ஜஸ்ட்மென்ட் போடுவீர்கள். இப்படித்தான் ஒரு தவறு இரண்டாகிறது.

கணக்குப்புலி

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் 13,500 ரூபாய்க்காக 45 நாள் பதிவுகளைத் தோண்டுவது எல்லா ஆலையிலும் நடக்காது. 3,000 பொருள் வைத்திருக்கும் இடத்தில் எத்தனைக்கு இப்படித் தோண்ட முடியும்?

இருப்பேடு

நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் முடியாது. பதிலும் அப்படியே இருக்கட்டும்: "முதல் இரண்டு சோதனையும், அதாவது நேரமும் இடமும், எல்லாப் பொருளுக்கும் செய்வேன். அவற்றுக்குப் பத்து நிமிடம் போதும். பதிவு வரலாற்றைத் தோண்டுவது மதிப்பு அதிகமான பொருளுக்கும், லைனை நிறுத்தக்கூடிய பொருளுக்கும், மீண்டும் மீண்டும் வித்தியாசம் வரும் பொருளுக்கும் மட்டும்." இந்த எல்லையை நீங்களாகச் சொன்னால் வேலை செய்தவர் என்று தெரிந்துவிடும்.

ஆனால் நிகர எண் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒரே மாதிரி தோற்றமுள்ள இரண்டு சீல்கள். வெளி விட்டத்தில் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒன்றில் 300 கூடுதல், இன்னொன்றில் 300 குறைவு. விலையும் கிட்டத்தட்ட ஒன்றே. நிகர வித்தியாசம் சுழியம். உண்மையில் இரண்டு இருப்பும் தவறு, அதோடு 300 தவறான சீல் லைனுக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு. கணக்காளருக்கு நிகர மதிப்பு தேவை, மறுக்கவில்லை. அனலிஸ்ட் அதோடு, எண்ணிய பொருள்களில் எத்தனை அனுமதித்த வித்தியாசத்துக்குள் இருந்தன என்பதையும் வைத்திருக்க வேண்டும். 40 பொருள் எண்ணி 34 உள்ளே இருந்தால் துல்லியம் 85%. அன்றைக்கே நிகர மதிப்பு 99.8% என்று காட்டலாம். "எங்கள் துல்லியம் 99.8%, நம்புவீர்களா?" என்று நானே பலரிடம் கேட்டிருக்கிறேன். எந்த அளவுகோலில் என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு.

தணிக்கைத்தாள்

நான் சிஏ அலுவலகத்தில் ஆர்டிகிள் செய்கிறேன். மார்ச் 31 ஸ்டாக் எடுப்பு பற்றித்தானே கேட்கிறீர்கள்? அதற்குக் கம்பெனி தணிக்கை அறிக்கைக்கான கேரோ 2020 உத்தரவில் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு வகை இருப்பிலும் மொத்தமாக 10% அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்ததா, இருந்தால் கணக்கில் சரியாகக் கையாளப்பட்டதா என்று தணிக்கையாளர் அறிக்கையில் சொல்ல வேண்டும். 4,600-க்கு 750 என்றால் 16%. அப்படியானால் அறிக்கையில் வந்துவிடும். அதோடு குறைந்த சரக்குக்கு எல்லாம் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும், பிரிவு 17(5)(h).

இருப்பேடு

தம்பி, அவர் கேட்பது வருடக் கடைசி எடுப்பு இல்லை. வருடம் முழுக்கத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணும் சைக்கிள் கவுண்ட். கேரோவில் நீங்கள் சொன்ன 10% ஒரு வகை இருப்பு முழுவதற்கும் சேர்த்து, ஒரு சீலுக்கு இல்லை. ஒரு பகுதியெண் 16% விலகியதால் மட்டும் அறிக்கையில் வராது.

17(5)(h) விஷயத்தை எழுப்பியதற்கு நன்றி, பலர் மறக்கும் இடம் அது. தொலைந்த, திருடப்பட்ட, அழிந்த, எழுதித் தள்ளிய சரக்குக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. ஆனால் மேலே உள்ள கேஸில் 400 சீல் ஆலைக்கு வரவே இல்லை. பில்லும் 1,600-க்குத்தான், வரியும் 1,600-க்குத்தான் எடுத்திருக்கிறோம். திருப்ப எதுவும் இல்லை. தோண்டாமல் 400-ஐ எழுதித் தள்ளியிருந்தால், எடுக்காத வரியைத் திருப்பிக் கட்டியிருப்போம். காரணம் தெரியாமல் அட்ஜஸ்ட்மென்ட் போடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

மருந்து_மொத்தம்

மதுரையில் மருந்து மொத்த வியாபாரம். எங்களுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பேட்ச் மாறியிருந்தால் போச்சு. சிஸ்டத்தில் பேட்ச் ஏ 100, பேட்ச் பி 100. ரேக்கில் ஏ 60, பி 140. மொத்தம் 200 சரி. ஆனால் முதலில் காலாவதியாகும் ஏ-யை அனுப்புவதற்குப் பதிலாக பி-யை அனுப்பியிருக்கிறான் என்றால் ரேக்கில் ஏ-தானே அதிகம் இருக்க வேண்டும்? எங்கள் ஆள் பி-யில் பில் போட்டு ஏ-யை எடுத்துக் கொடுத்திருக்கிறான். வாங்கிய கடைக்காரர் திருப்பி அனுப்பும்போது பேட்ச் பொருந்தாமல் ஒரே சண்டை.

எங்களுக்கு சேஃப்டி ஸ்டாக் சூத்திரமும் ஒத்துவராது. சில மருந்து மாதம் ஒரு தடவை 40 போகும், அடுத்த இரண்டு மாதம் ஒன்றும் போகாது. இதற்கு என்ன செய்வது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

வல்லம்_வாசி

இருப்பேடு சார், மிக்க நன்றி. கடைசியாகச் சரியாக இருந்த தேதியிலிருந்து பார்ப்பது எனக்குத் தோன்றியதே இல்லை. நாங்கள் எப்போதும் மாத முதல் தேதியிலிருந்து பார்ப்போம்.

சேஃப்டி ஸ்டாக்கையும் கொஞ்சம் சொல்லுங்கள். கணக்குப்புலி சார் சொன்ன முறையில் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஆலையில் இதே மாதிரி ஓடும் ஒரு சீலுக்கு அதிகபட்ச நாள் ஓட்டம் 290, அதிகபட்ச லீட் டைம் 9 நாள். 2,610-லிருந்து 1,200 போனால் 1,410. சேஃப்டியே ஏழு நாள் ஓட்டம் வருகிறதே, இது சரியா?

இருப்பேடு

அந்த முறை தவறு என்று சொல்ல மாட்டேன். பழைய தரவு இல்லாத புதுப் பொருளுக்குக் கைகொடுக்கும். ஆனால் அது ஓட்டம் உச்சத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளும் சப்ளையரும் அதிகபட்சத் தாமதத்தில் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறது. 9 நாளும் தொடர்ந்து 290 ஓடியதா என்று உங்கள் பதிவில் பாருங்கள். ஓடியிருக்காது. இன்னொரு சிக்கல், ஒரே ஒரு மோசமான நாள் அந்த எண்ணை நிரந்தரமாக ஏற்றிவிடும்.

தரவு இருந்தால் இப்படிப் போடுங்கள்:

```
SS  = Z * sqrt(L * sd^2 + d^2 * sL^2)
ROP = d * L + SS
```

SS சேஃப்டி ஸ்டாக், ROP ரீஆர்டர் பாயிண்ட், அதாவது ஆர்டர் போட வேண்டிய இருப்பு அளவு. d தினசரி சராசரி ஓட்டம், sd அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் திட்ட விலக்கம். L லீட் டைம், sL லீட் டைமின் திட்ட விலக்கம். உங்கள் சீலுக்கு d = 200, L = 6. sd 40, sL 1.5 நாள் என்று வைத்துக்கொள்வோம். Z என்பது தட்டுப்பாடு வராது என்று எவ்வளவு உறுதி வேண்டும் என்பதற்கான எண், இங்கே 1.65.

முதலில் சப்ளையர் ஒருநாளும் தாமதிக்க மாட்டார் என்று sL-ஐ சுழியமாக வைத்துப் பாருங்கள். சேஃப்டி 162 வரும். இப்போது 1.5-ஐப் போடுங்கள். 521. ஓட்டத்தில் எதுவும் மாறவில்லை, சப்ளையரின் ஒழுங்கின்மை மட்டும் சேஃப்டியை மூன்று மடங்கு ஆக்கிவிட்டது. ஆக ஆர்டர் போட வேண்டிய அளவு 1,200 + 521 = 1,721.

நேர்காணலில் 521 என்ற விடையோடு நிறுத்தாதீர்கள். "இந்தப் பொருளில் ஃபோர்காஸ்டைத் திருத்துவதை விட சப்ளையரின் தேதியை ஒழுங்குபடுத்தினால்தான் இருப்பு குறையும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். நான் கேள்வி கேட்பவனாக இருந்தால் அந்த வரிக்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

கணக்குப்புலி

1.65 என்றால் 95%. அதாவது 100 சீல் கேட்டால் 95 கொடுக்க முடியும். ஆட்டோ லைனுக்கு அது போதாதே? 99% வைக்க வேண்டாமா?

இருப்பேடு

இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது. கேள்வித்தாளிலும் அடிக்கடி வரும், அதனால் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 95% என்பது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும் வரையான ஒரு சுற்றில் ஒரு சீல்கூடக் குறையாமல் கடக்கும் வாய்ப்பு. 20 சுற்றில் ஒரு சுற்றில் தட்டுப்பாடு வரலாம். அப்படித் தட்டுப்பாடு வரும்போதும் எல்லாமே கிடைக்காமல் போவதில்லை, கடைசியில் கொஞ்சம்தான் குறையும். மேலே உள்ள எண்களை வைத்து, ஓட்டம் நார்மல் பரவலில் இருக்கிறது என்று எடுத்துப் போட்டால், ஒரு சுற்றுக்குச் சராசரிக் குறைவு 6, 7 சீல்தான். ஒவ்வொரு முறையும் 2,000 ஆர்டர் செய்தால் கேட்டதில் கிட்டத்தட்ட 99.7% கிடைத்துவிடும். இரண்டும் வேறு வேறு அளவுகோல். வாடிக்கையாளர் 98% கேட்கிறார் என்றால் எந்த 98% என்று முதலில் கேட்க வேண்டும்.

ஆனால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. லைனுக்கு 7 சீல் குறைந்தாலும் லைன் நிற்கும், வண்டியின் முக்கால்வாசியை அனுப்ப முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் 20-இல் ஒன்று என்பதையே பார்க்க வேண்டும், Z-ஐ ஏற்றுவதில் தவறில்லை.

இப்போது இரண்டு கேள்வியையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முதல் கேள்வியில் ஜிஆர்என் தவறால் சிஸ்டத்தில் 400 சீல் கூடுதலாக இருந்தது. அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று வையுங்கள். சிஸ்டம் 1,721-ஐத் தொடும்போது ஆர்டர் போகும். ரேக்கில் அப்போது இருப்பது 1,321. 521 சேஃப்டி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் இருப்பது 121. சப்ளையர் ஒரு நாள் தாமதித்தால்கூடப் போதாது. அன்றைக்குத் தட்டுப்பாடு வந்தால் பர்ச்சேஸ் ஆள் சேஃப்டியை ஏற்றுங்கள் என்பார், நாமும் 900 ஆக்குவோம். தவறு எண்ணிக்கையில் இருக்க, மருந்தை ஆர்டர் முறைக்குப் போடுகிறோம். போனில் அவர் இரண்டு கேள்விக்கும் ஒரே சீலை எடுத்துக்கொண்டது இதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈஓக்யூ பற்றி ஒரு வரி மட்டும். ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவை யாரும் சரியாக அளப்பதில்லை. நல்லவேளையாக அதை இரண்டு மடங்கு தவறாக எடுத்தாலும் மொத்தச் செலவு 6% தான் கூடும். அதனால் பெட்டி அளவுக்கும் லாரிக்கும் ஏற்றபடி முழுமையாக்கிக்கொள்ளலாம். கடைசி இலக்கம் வரை நம்ப வேண்டாம்.

மருந்து_மொத்தம் அண்ணே, உங்கள் மருந்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது என்று நீங்கள் சொன்னது சரி. விட்டு விட்டுப் போகும் பொருளில் சராசரி 13 என்று வரும், ஆனால் 13 என்று ஒரு மாதமும் போகாது. அப்படிப்பட்டவற்றுக்கு ஒரு தடவை எவ்வளவு கேட்பார்கள், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காலாவதியும் சேரும்போது என்ன வைப்பது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மருந்துத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் நானும் கற்றுக்கொள்வேன்.

ஷிஃப்ட்2_செல்வி

நான் லைன் பக்கத்து ஆள். எண்ணுபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணும் தாளில் சிஸ்டம் அளவை அச்சடித்துக் கொடுக்காதீர்கள். எங்கள் பழைய ஆலையில் அப்படித்தான் கொடுத்தார்கள். 4,600 என்று போட்டிருந்தால் மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு 4,600 என்றே எழுதிவிடுவார்கள். ஆறு மாதம் துல்லியம் அருமையாக இருந்தது. அளவை மறைத்துக் கொடுத்த முதல் வாரமே தலைகீழ்.

கணக்குப்புலி

மறைத்தால் மறுஎண்ணிக்கை எக்கச்சக்கமாக வரும். நாங்கள் முயன்றோம், இரண்டு ஆளுக்கு வேறு வேலையே இல்லாமல் போனது. கடைசியில் விலை அதிகமான பொருளுக்கு மட்டும் மறைக்கிறோம்.

ஷிஃப்ட்2_செல்வி

மறுஎண்ணிக்கை அதிகம் வந்தது என்றால் இருப்பு அவ்வளவு தவறாக இருந்தது என்றுதானே பொருள்? அதை நிறுத்துவது எப்படித் தீர்வாகும்?

கணக்குப்புலி

எல்லாம் இருப்புத் தவறு இல்லை, பாதி எண்ணுபவரின் தவறு. 12,000 வாஷரை யார் கையால் சரியாக எண்ணுவார்கள்?

வல்லம்_வாசி

இதற்கு நான் பதில் சொல்லலாம், தினமும் செய்வது. வாஷரைக் கையால் எண்ண மாட்டோம், எண்ணும் தராசில் போடுவோம். அதிலும் ஒரு பிடி இருக்கிறது. மாதிரிக்கு 10 வாஷர் மட்டும் வைத்தால் தவறு வரும். ஒரு வாஷர் 2.6 கிராம், 10 சேர்ந்தால் 26 கிராம். எங்கள் தராசு ஒரு கிராம்தான் காட்டும், அதில் அரை கிராம் அப்படி இப்படி இருந்தால் 12,000-த்தில் ஏறக்குறைய 230 வித்தியாசம் வந்துவிடும். 100 வாஷர் மாதிரி வைத்தால் 23 தான். அப்புறம் பிளாஸ்டிக் தொட்டியின் எடையைக் கழிக்க மறப்பது. ஒரே தொட்டி என்று நினைத்துக் கழிப்பார்கள், தொட்டிக்குத் தொட்டி 40, 50 கிராம் மாறும்.

இருப்பேடு

இதை அப்படியே நேர்காணலில் சொல்லுங்கள். அனலிஸ்ட் வேலைக்கு வருபவர்களில் சூத்திரம் தெரிந்தவர்கள் நிறைய, தொட்டி எடையைச் சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட பொருளுக்கு அனுமதிக்கும் வித்தியாசம் ஏன் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். விலை உயர்ந்ததற்கு 0.2%, நடுத்தரத்துக்கு 1%, வாஷர் மாதிரியானவற்றுக்கு 5% என்று வைப்பது பரவலான வழக்கம். தராசே 2% தவறும் இடத்தில் 0.2% கேட்டால் எண்ணுபவர் பொய்தான் எழுதுவார்.

அளவை மறைப்பதா வேண்டாமா என்பதில் நான் செல்வி பக்கம். ஆனால் கணக்குப்புலி சொல்லும் ஆள் பற்றாக்குறையும் உண்மை. இரண்டு விதமாகவும் நன்றாக நடக்கும் ஆலைகளைப் பார்த்திருக்கிறேன்.

வல்லம்_வாசி

நேர்காணல் முடிந்தது. முடிவு அடுத்த வாரம் சொல்வார்களாம். கேட்டதை எழுதுகிறேன், மற்றவர்களுக்குப் பயன்படும்.

750-ஐத் திரும்பவும் கேட்டார்கள். நேரம், இடம், பதிவு என்று வரிசையாகச் சொன்னேன். ஜிஆர்என் என்றதும் அதை எதை வைத்து நிரூபிப்பீர்கள் என்றார். பில் வராமல் தொங்கும் அளவைச் சொன்னேன். தலையாட்டினார். தராசு விஷயத்தில் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு புதுக் கேள்வி. "ரீஆர்டர் பாயிண்ட் 1,721. கையில் 1,500 இருக்கிறது. 2,000-க்கு ஒரு பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பிஓ, திறந்திருக்கிறது. இன்று ஆர்டர் போடுவீர்களா?" 1,500 குறைவுதானே, போடுவேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நிறுத்தி யோசித்து, கையில் இருப்பதையும் வரவேண்டியதையும் சேர்த்தால் 3,500, அதனால் போட மாட்டேன் என்றேன். "நிச்சயமாக?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன். அவர் முகத்தில் இன்னும் ஏதோ எதிர்பார்த்த மாதிரி இருந்தது. என்ன விட்டேன்?

இருப்பேடு

பாதி தூரம் சரியாகப் போயிருக்கிறீர்கள். ஏற்கனவே ஒப்புக்கொண்டு கொடுக்காமல் வைத்த தேவை இருந்தால் அதையும் கழிக்க வேண்டும், அது சின்ன விஷயம். அவர் எதிர்பார்த்தது பிஓவின் தேதியாக இருக்கும். அந்த 2,000 எப்போது வரவேண்டியது? தேதி தாண்டி ஒரு மாதம் ஆகியிருந்தால் அது வருமா வராதா என்றே தெரியாது. முன்பு 1,600 மட்டும் வந்து 400 பாக்கி நிற்கும் பிஓவும் இப்படித்தான். சப்ளையர் அதை மறந்தே போயிருப்பார், நம் சிஸ்டம் மட்டும் அந்த 400 வரும் என்று எதிர்பார்த்து ஆர்டரைத் தள்ளிப்போடும். வராத சரக்கு என்று உறுதியானால் பிஓ வரியில் டெலிவரி முடிந்தது என்று குறித்து மூட வேண்டும். "3,500, ஆனால் முதலில் அந்த பிஓவின் தேதியைப் பார்ப்பேன்" என்று சொல்லியிருந்தால் முழுப் பதில்.

வல்லம்_வாசி

நேற்று இரவு ஷிஃப்டில் எங்கள் ஸ்டோர்ஸிலேயே பார்த்தேன் சார். 90 நாள் தாண்டியும் திறந்திருக்கும் பிஓ வரிகள் 23. அதில் ஒரு ஸ்நாப் ரிங். போன மாதம் இரண்டு முறை அது இல்லாமல் லைன் நின்றது, எண்ணிக்கைத் தவறு என்று எங்கள் மேல்தான் எழுதினார்கள். அந்த வாரம் எண்ணியபோது இருப்பு சரியாகவே இருந்தது, யாருக்கும் காரணம் புரியவில்லை. ஜனவரியிலிருந்து 5,000-க்கு ஒரு பிஓ திறந்தே கிடக்கிறது. இன்று காலை பர்ச்சேஸில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.